முதல் மடலில் ‘வூ’, பிறகு ‘து’

பிரெஞ்சில் எதிரில் இருப்பவரை அழைக்க இரண்டு சொற்கள்: ‘து’, ‘வூ’. நமக்கு உடனே ‘நீ’, ‘நீங்கள்’ நினைவுக்கு வரும். பிரான்சில் வேலைக்குச் சேரும் தமிழர் சறுக்குவது இந்த ஒப்பீட்டில்தான். நம் ‘நீங்கள்’ முதலில் மரியாதையைக் காட்டும். அவர்களுடைய ‘வூ’ முதலில் காட்டுவது இடைவெளியை. பிரெஞ்சுப் பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவையும் அப்பாவையும் ‘து’ என்றே அழைக்கிறார்கள். அதில் அவமரியாதை இல்லை.

லியோன் நகரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இன்று சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் பிரிவில் இருக்கும் கிளேரிடம் ஒரு கோப்பு கேட்க வேண்டும். இதுவரை அவரைப் பார்த்ததில்லை. முதல் மடலில் ‘வூ’ போடுங்கள். ஆனால் ‘மதாம்’ என்று தொடங்க வேண்டியதில்லை. ‘போன்ஜூர் கிளேர்’ போதும். முதற்பெயரும் ‘வூ’வும் சேர்ந்து வருவது பிரெஞ்சு அலுவலகங்களில் சாதாரணம். ‘கோப்பை அனுப்ப முடியுமா’ என்பதற்கு ‘பூரியே-வூ’ என்று கேட்டு, ‘பியென் ஆ வூ’ என்று முடிக்கலாம்.

பதிலை நிதானமாகப் படியுங்கள். கிளேர் ‘வூ’ என்றே எழுதியிருந்தால் அப்படியே தொடருங்கள். ‘ஓன் ஸ துத்வா?’, அதாவது ‘து போட்டுப் பேசிக்கொள்வோமா?’ என்று கேட்டிருந்தாலோ, கேட்காமலே ‘து’வில் எழுதியிருந்தாலோ, அடுத்த மடலிலேயே மாறிவிடுங்கள். இங்கேதான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். வயதில் மூத்தவர், எப்படி ‘து’ போடுவது என்று ‘வூ’விலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு அது பணிவு. கிளேருக்கோ, நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டதுபோல. மரியாதை குறையும் என்ற பயம் வேண்டாம். ‘பூரியே-வூ’ என்பது ‘பூரே-து’ ஆகும். வினையில் இருக்கும் பணிவு அப்படியே இருக்கும்.

மாறும்போது முழுக்க மாற வேண்டும். மேலே ‘து’ எழுதிவிட்டு, பழைய மடலிலிருந்து ஒட்டிய கடைசி வரியில் ‘நெஸித்தே பா’ (தயங்காதீர்கள்) என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. அது ‘நெஸித் பா’ ஆக வேண்டும். ‘பியென் ஆ வூ’வும் ‘பியென் ஆ த்வா’ ஆகும். ஒரே மடலில் இரண்டும் கலந்தால், எழுதியவர் எங்கே நிற்கிறார் என்றே வாசிப்பவருக்குப் புரியாது. இருவருக்குச் சேர்த்து எழுதும் மடலில் இந்தக் கவலை இல்லை. பன்மைக்கு எப்போதும் ‘வூ’தான்.

கூட்டம் முழுக்க ‘து’ பேசும் சிறு நிறுவனங்களும் உண்டு. அங்கே முதல் நாளே ‘து’ வந்துவிடும். ஆனாலும் சந்தேகம் வந்தால் ‘வூ’வில் தொடங்குங்கள். ‘வூ’விலிருந்து ‘து’வுக்கு வருவது எளிது, ‘து’விலிருந்து ‘வூ’வுக்குத் திரும்பினால், ஏதோ மனத்தாங்கல் என்றுதான் கிளேர் நினைப்பார்.