படத்தை வைத்தே ஜெனரேட்டரை அறிவது

பழைய ஜெனரேட்டர் ஒன்றின் படம் மளிகைக்கடைக்காரரின் கைபேசிக்கு வருகிறது. டேங்கின் மேல் பெரிதாக 5000 என்று எழுதியிருக்கிறது. "அஞ்சு கே.வி.ஏ. அண்ணே, கடை முழுக்க இழுக்கும்" என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கும் முன்பே, இது பெட்ரோலா டீசலா, உண்மையில் எவ்வளவு கரண்ட் தரும் என்று அந்தப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

முதலில் எஞ்சினின் தலைப்பகுதி. ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயர் அங்கே செருகியிருந்தால், அதனடியில் ஸ்பார்க் பிளக் இருக்கிறது, பெட்ரோல் எஞ்சின். பக்கத்தில் கார்புரேட்டரும் சோக் லீவரும் தெரியும். மண்ணெண்ணெயில் ஓடும் ரகத்திலும் பிளக் உண்டு. ஸ்டார்ட் செய்யும் பெட்ரோலுக்கென்று சின்ன டேங்க் தனியாக இருக்கும். டீசலில் பிளக், கார்புரேட்டர் எதுவும் இல்லை. பம்பிலிருந்து தலைப்பகுதியில் உள்ள இன்ஜெக்டருக்கு மெல்லிய இரும்புக் குழாய் வளைந்து போகும்.

அடுத்து, திறன். டேங்கில் உள்ள 5000 பெரும்பாலும் மாடல் எண்தான். ஆல்டர்னேட்டரில் ஒட்டிய தகட்டைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். அதில் இரண்டு அளவுகள் இருந்தால் சிறியதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியது சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு. தகடு தேய்ந்திருந்தால் பிளக் பாயின்ட் பக்கத்தில் உள்ள பிரேக்கரைப் பாருங்கள். நம் படத்தில் அது 10 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 2,300, அதாவது 2.3 கே.வி.ஏ. சொன்னதில் பாதிகூட இல்லை. பிரேக்கரை யாராவது மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் தகட்டின் அளவே முடிவானது.

இது கடைக்குப் போதுமா? நான்கு எல்.இ.டி. டியூப், இரண்டு ஃபேன், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 2 ஆம்பியர். குளிர்பான ஃப்ரிட்ஜின் தகட்டில் 1.8 ஆம்பியர். மொத்தம் நாலுக்கும் குறைவு, தாராளம் என்று தோன்றும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஃப்ரிட்ஜ் மூன்று முதல் ஐந்து மடங்குவரை இழுக்கும். ஐந்து மடங்கு என்றால் 9 ஆம்பியர், மற்றவற்றோடு 11. முதலில் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டு மற்றதைப் போட்டாலும் சிக்கல் தீராது. கம்ப்ரசர் நின்று நின்று மறுபடி கிளம்பிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒரு நொடியை பிரேக்கர் பொறுத்துக்கொள்ளலாம். வோல்டேஜ் இறங்கி டியூப் மங்கும், யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர் அணைந்து எழும். எனவே ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது மீட்டரில் வோல்டேஜ் தெரியும்படி வீடியோ கேளுங்கள். லேசாக இறங்கி உடனே 230-க்குத் திரும்பினால் இந்தக் கடைக்கு இது ஓடும். விலையை மட்டும் 2.3 கே.வி.ஏ.வுக்கு உரியதாகப் பேசுங்கள். இன்னொரு ஃப்ரிட்ஜ் வைக்கும் எண்ணமிருந்தால், தகட்டில் 4 கே.வி.ஏ.வாவது உள்ள வேறொன்றைத் தேடுங்கள்.