படத்தைவிடப் பேச்சு கனக்கும் வீடியோக்கள்

ஸ்லைடுகளைக் காட்டி ஆசிரியர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தும் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். படம் அதிகம் அசையாததால் காட்சிக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும் என்று வைத்தால், அது 45 எம்பி ஆகும். ஒலியை வழக்கமான 128 கிலோபிட் ஏஏசியில் விட்டுவைத்தால் அது மட்டும் 57.6 எம்பி. பார்க்கும் பாடத்தைவிடக் கேட்கும் குரல் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது!

முதலில் ஸ்டீரியோவை மோனோவாக்குங்கள். பேசுவது ஒருவர்தான், இரண்டு சேனல்கள் தேவையில்லை. ஆனால் மைக் ஒரு சேனலில் மட்டும் பதிவாகியிருந்தால், மோனோவாக்கியதும் குரல் தணிந்துவிடலாம். அப்போது அந்த ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஓபஸா, ஏஏசியா என்ற கேள்வி. 2012இல் தரநிலையான ஓபஸ், இணையப் பேச்சையும் மனத்தில் வைத்து உருவானது. ஸ்கைப்பின் சில்க், இசைக்கும் ஏற்ற செல்ட் என்ற இரண்டு நுட்பங்கள் அதற்குள் இருக்கின்றன. சில்க் மனிதக் குரல் உருவாகும் விதத்தையே கணக்கில் கொண்டு சுருக்குகிறது. அதனால் மோனோ பேச்சுக்கு 24 கிலோபிட்டே தெளிவாக இருக்கும். நம் பாடத்தின் ஒலி 10.8 எம்பியாகச் சுருங்கிவிடும்.

```
ffmpeg -i paadam.mp4 -c:v copy -c:a libopus -ac 1 -b:a 24k siriyadhu.mkv
```

இதே 24 கிலோபிட்டைச் சாதாரண ஏஏசிக்குக் கொடுத்தால் குரல் மங்கி, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும். ffmpeg-உடன் வரும் ஏஏசிக்கு 64 கிலோபிட் கொடுப்பதே என் பழக்கம், அது 28.8 எம்பி. மேலே உள்ள கட்டளையில் `libopus` என்பதை `aac` என்றும், `24k`-ஐ `64k` என்றும், கோப்பின் முடிவை `.mp4` என்றும் மாற்றினால் போதும். ஹெச்இ-ஏஏசி என்ற வகை 32 கிலோபிட்டிலேயே நன்றாகப் பேசும். ஆனால் அதைத் தரும் என்கோடர் எல்லோருடைய ffmpeg-இலும் இருக்காது.

அப்படியானால் எப்போதும் ஓபஸ்தானா? இல்லை. பழைய டிவியிலும் போனிலும் ஓபஸ் வீடியோ படம் மட்டும் ஓடி, ஒலி வராமல் போகலாம். யார் எதில் பார்ப்பார்கள் என்று தெரியாமல் பலருக்கு அனுப்பும் கோப்பென்றால், 18 எம்பி கூடினாலும் நான் எம்பி4-இல் ஏஏசியையே வைப்பேன். உங்கள் சொந்தச் சேமிப்புக்கும், பிரவுசரில் ஓடும் பாடத்தளத்துக்கும் ஓபஸ் நல்லது.

மாற்றியதும் ஹெட்போனில் கேளுங்கள். ‘ஸ’, ‘ஷ’ வரும் சொற்களில்தான் குறை முதலில் தெரியும்; அவை நீர் சலசலப்பதுபோல் ஒலித்தால் ஓபஸை 32க்கு உயர்த்துங்கள். மின்விசிறி இரைச்சலும் அறையின் எதிரொலியும் பிட்டுகளைத் தின்றுவிடும் என்பதால், இரைச்சலைச் சுருக்குவதற்கு முன்பே குறைத்துவிடுவது நல்லது. எப்போதும் மூலப் பதிவிலிருந்தே மாற்றுங்கள். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மறுபடி சுருக்கினால், முதல் சுற்றில் போன ஒலி திரும்பி வராது, புதிய குறையும் அதன்மேல் ஏறும்.