இருநூறு எழுத்தில் ஓர் அறிமுகம்

லிங்க்ட்இன் தளத்தில் இணைப்புக் கோரிக்கையோடு சிறு குறிப்பும் அனுப்பலாம். கட்டணமில்லாக் கணக்கில் 200 எழுத்துகள்தான் எல்லை; இடைவெளியும் புள்ளியும் அதில் சேரும். தமிழில் எழுதினால் 'கு' பொதுவாக இரண்டாகவே எண்ணப்படும்.

பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர் வேலை. அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கும் மேலாளருக்கு எழுத வேண்டும். பெரும்பாலோர் இப்படித் தொடங்குவார்கள்: "வணக்கம், என் பெயர் கவிதா. உங்கள் நிறுவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். உங்களோடு இணைய விரும்புகிறேன்." பெயரும் தற்போதைய பணியும் கோரிக்கையிலேயே தெரியும். இணைய விருப்பம் என்பதைக் கோரிக்கையே சொல்லிவிடுகிறது. நிறுவனத்தைப் புகழும் வரியோ எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். பாதி இடம் போயிற்று, மேலாளருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதையே இப்படி எழுதலாம்: "வணக்கம். தள்ளுபடிப் பிழைகள் பற்றிய உங்கள் பதிவு வேலையில் உதவியது. மூன்று ஆண்டுகளாக பில்லிங் மென்பொருளைச் சோதிக்கிறேன். உங்கள் குழுவின் சோதனைப் பொறியாளர் பணிக்கு நேற்று விண்ணப்பித்தேன்."

இது 200-க்குள் அடங்கும். அவருடைய பதிவை உண்மையிலேயே படித்திருந்தால் மட்டுமே முதல் வரியை எழுத வேண்டும். பதில் கேள்வி வந்தால் பொய் உடனே தெரிந்துவிடும். எந்தப் பணி, விண்ணப்பம் போயிற்றா என்ற இரண்டும் இருப்பதால், அவர் விண்ணப்பக் குவியலில் தேடிப் பார்க்க முடியும்.

"வேலை வாங்கித் தாருங்கள்", "ரெஸ்யூமே பாருங்கள்" என்பவை இதில் வேண்டாம். அவர் ஏற்ற பிறகு வரும் செய்திப் பெட்டியில் இடம் தாராளம். கேள்வியை அங்கே கேட்கலாம்.