சட்டை மாறலாம், முகம் மாறக் கூடாது

டி-ஷர்ட்டோடு எடுத்த படத்தைக் கோட்டும் டையும் அணிந்த படமாக மாற்றும் வேலையைப் பழைய ஸ்டூடியோக்கள் வெட்டி ஒட்டிச் செய்தன. கோட்டுப் படம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் தலையை அதன்மேல் பொருத்துவார்கள். கோட்டு பொருந்தாமல் தெரிந்தாலும் முகம் அசலாகவே இருந்தது. இன்று படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் நிலைமை தலைகீழ். கோட்டு அழகாக உட்காருகிறது. முகம்தான் கொஞ்சம் வேறு ஆளுடையதாகிவிடுகிறது.

இதற்கு முதல் காரணம், இத்தகைய கருவிகள் சட்டையை மட்டும் தொடுவதில்லை என்பது. முழுப் படத்தையும் கொடுத்து ‘உடையை மாற்று’ என்றால் பல கருவிகள் படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன. 2022-ல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது வரையத் தொடங்குமுன் படத்தைச் சுருக்குகிறது. அகலத்தில் 8, உயரத்தில் 8 என 64 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரே கட்டமாகிறது. முகம் 120 பிக்சல் அகலம் என்றால், சுருங்கிய வடிவில் அதற்குக் கிடைப்பது 15 கட்டங்கள். ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 3. கண்ணோரச் சுருக்கம், உதட்டு நுனியின் சிறு வளைவு ஆகியவை அந்த 3 கட்டங்களுக்குள் முழுமையாகத் தங்குவதில்லை. பாவனையைச் சொல்பவையோ அவைதாம். படம் மீண்டும் விரியும்போது இழந்ததைக் கருவி ஊகித்து நிரப்புகிறது.

இரண்டாவது காரணம் பழக்கம். கருவி கற்றுக்கொண்ட படங்களில் கோட்டு அணிந்தவர்கள் பெரும்பாலும் ஸ்டூடியோ வெளிச்சத்தில், நேராகப் பார்த்தபடி, மெருகேற்றிய தோலோடு இருக்கிறார்கள். ‘ஃபார்மல்’ என்ற சொல் வந்ததும் அந்தப் புன்னகையும் தோலும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அதனால் கட்டளையில் ஆளை வருணிக்காமல், ‘கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, மெரூன் டை’ என உடையை மட்டும் சொல்வது நல்லது.

ஆனால் சொல் மட்டும் போதாது. முகத்தை மாற்றாதே என்று எழுதுவது வேண்டுகோள். முகத்தைத் தொட முடியாதபடி செய்வதே காப்பு. அதற்கான வழி மாஸ்க். மாற்ற வேண்டிய பகுதியைத் தூரிகையால் பூசிக் காட்டினால், கருவி அதற்குள் மட்டும் வரையும்.

சிவப்பு டி-ஷர்ட் அணிந்து, லேசாகத் தலை சாய்த்து, அரைப் புன்னகையோடு இருக்கும் ஓர் இளைஞரின் படத்தை எடுத்துக்கொள்வோம். மாஸ்க்கைத் தாடைவரை கொண்டுபோனால் முகத்தின் வடிவம் கெடும். டி-ஷர்ட்டின் விளிம்போடு நிறுத்தினால் காலருக்கு இடம் இருக்காது. சட்டைக் காலர் கழுத்தின் கீழ்ப்பாதியை மறைக்கும் என்பதால், மாஸ்க்கின் மேல் விளிம்பு கழுத்தின் நடுவில், தாடை நிழல் விழும் இடத்தில் அமைய வேண்டும். அங்கே இணைப்புக்கோடு எளிதில் கண்ணில் படாது.

புதிய படம் வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் முகமும் சில கருவிகளில் சுருங்கி விரிந்துதான் வெளிவருகிறது. எனவே அசல் படத்தைத் தனி லேயராக மேலே வைத்து, தலையையும் மேல் கழுத்தையும் மட்டும் விட்டு, மற்றதை மறைக்க வேண்டும். அளவு வேறுபட்டால் புதிய படத்தைத்தான் அசலின் அளவுக்கு மாற்ற வேண்டும். முகத்தைச் சுருக்கக் கூடாது.

முகம் மாறவில்லை என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. முடித்த படத்தின்மேல் அசலைத் துல்லியமாகப் பொருத்தி, ஃபோட்டோஷாப்பில் மேல் லேயரின் கலப்பு முறையை Difference என வைத்தால், ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் முழுக் கறுப்பாகும். கண், மூக்கு, வாய்ப் பகுதியில் கோட்டுருவம் தெரிந்தால் முகம் மாறியிருக்கிறது. ஜேபெக்கில் சேமிப்பதே சிறு வேறுபாடுகளை உண்டாக்கும் என்பதால், இந்தச் சோதனையை அதற்கு முன்பே செய்ய வேண்டும்.

சோதனையில் தேறியும் முகம் வேறாகத் தெரிவது உண்டு. கோட்டின் தோள்கள் அளவுக்கு மீறி அகன்றால் தலை சிறுத்துத் தெரியும். தலை சாய்ந்திருக்கக் காலர் நேராக நின்றால், ஒட்டியது போலிருக்கும். இவற்றுக்கு உடையைத்தான் திரும்ப வரைய வேண்டும். சிவப்புத் துணியின் சாயல் தாடையின் அடியில் படிந்திருந்தால், வெள்ளைக் காலருக்கு மேல் அது உறுத்தும். கழுத்தில் மட்டும் சிவப்பைக் குறைக்கலாம். தாடையைத் தொட்டால் முகம் அசலாக இராது. ஆகவே வெளிர்நிற உடையில், சீரான வெளிச்சத்தில் எடுத்த படமே இந்த வேலைக்கு ஏற்றது.

இவ்வளவு கவனமாகச் செய்த படமும் தன்விவரக் குறிப்புக்கும் நிறுவன இணையப் பக்கத்துக்கும்தான் பயன்படும். பாஸ்போர்ட்டுக்குக் கணினியில் திருத்தாத படமே தர வேண்டும். அங்கே சட்டையை மாற்றிக்கொண்டு புதிதாகப் படம் எடுப்பதுதான் வழி.