ரத்தம் கேட்டு செய்தி வந்தால் முதல் பதில் எப்படி இருக்கணும்?



நம்ம குழு உறுப்பினர்கள் பெரும்பாலோர் கையில் இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. வாரக் கூட்டம் எத்தனை மணிக்கு, வங்கிக்கு யார் போறது என்று அதில்தான் பேசிக்கொள்கிறோம். அதிலேயே மாதத்தில் இரண்டு மூன்று முறை "அவசரம், ரத்தம் தேவை" என்ற செய்தியும் வருகிறது. பார்த்ததும் மனசு பதறுகிறது. உடனே நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அதனால் அந்த நோயாளிக்கு ரத்தம் கிடைத்ததா? எங்கள் கூட்டமைப்பில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே இதைப் பார்ப்போம்.

அன்று மாலை வந்த செய்தி

மாலை 6.40 மணி. குழுவில் இப்படி ஒரு செய்தி: "அவசரம்! அவசரம்! பிரசவ கேஸ். பி நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. பெரிய ஆஸ்பத்திரி. எல்லோருக்கும் அனுப்பவும்." கீழே ஒரு போன் நம்பர். தேதி இல்லை, ஊர் இல்லை, எத்தனை யூனிட் என்றும் இல்லை.

பத்து நிமிஷத்தில் பதினான்கு பதில்கள் வந்தன. அதில் பதினொன்று கும்பிடு போடும் படம். ஒருத்தர் "கடவுள் காப்பாத்துவார்" என்று எழுதியிருந்தார். இரண்டு பேர் "என் தம்பிக்கு பி பாசிட்டிவ், அனுப்பவா?" என்று கேட்டிருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் இந்தப் பதினான்கில் ஒன்றுகூட அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை.

பதினைந்தாவதாகப் பதில் போட்டவர் ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா. அவர் எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

போனில் என்ன கேட்டார்?

எடுத்தவர் நோயாளியின் கொழுந்தனார். பதற்றத்தில் இருந்தார். அக்கா நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தம்பி, இது இன்னைக்கு உள்ள செய்திதானா? இன்னும் ரத்தம் வேணுமா?"

"ஆமாக்கா, இன்னைக்குத்தான். அண்ணிக்கு ஆபரேஷன் பண்ணி குழந்தை பொறந்துச்சு. ரத்தப்போக்கு நிக்கலை."

"எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்த வார்டு? டாக்டர் எத்தனை யூனிட் எழுதியிருக்கார்? முழு ரத்தமா, சிவப்பணுவா?"

"ரெண்டு யூனிட், சிவப்பணுன்னு சீட்டுல இருக்குக்கா."

"சீட்டையும் ரத்த மாதிரிக் குழாயையும் ரத்த வங்கியில குடுத்தாச்சா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. நர்ஸ் கொடுத்த சீட்டும் குழாயும் அவர் கையிலேயே இருந்தன. ஆள் கிடைத்த பிறகு கொண்டுபோய்க் கொடுக்கணும் என்று நினைத்து, வாசலில் நின்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்!

"முதல்ல அதைக் கொண்டுபோய்க் குடு தம்பி. அவங்ககிட்டயே இருப்பு இருக்கான்னு கேட்டுட்டு எனக்குச் சொல்லு."

சகோதரிகளே, இது ரொம்ப முக்கியம். ரத்த வங்கியில் ரத்தம் இருந்தாலும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். நோயாளியின் ரத்த மாதிரியோடு சேர்த்துப் பொருத்தம் பார்ப்பார்கள். அதற்கே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மாதிரி போகாமல் அந்த வேலை தொடங்காது.

ஐந்து நிமிஷத்தில் தம்பி கூப்பிட்டார். பி நெகட்டிவ் ஒரு யூனிட் இருப்பில் இருக்கிறது, பொருத்தம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது யூனிட்டுக்குத்தான் ஆள் வேண்டும்.

அக்கா குழுவில் போட்ட பதில்

"வணக்கம். இன்று மாலை 7 மணிக்கு நோயாளியின் வீட்டாரிடம் பேசிவிட்டேன். செய்தி உண்மை. மாவட்டத் தலைமை மருத்துவமனை, பிரசவ வார்டு. ஒரு யூனிட் கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு யூனிட் வேண்டும். பி நெகட்டிவ் அல்லது ஓ நெகட்டிவ் உள்ளவர் மட்டும். ஒருவர் போதும், இன்னொருவர் வீட்டில் தயாராக இருந்தால் போதும். நேராகக் கிளம்ப வேண்டாம். முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள். இந்தச் செய்தி இன்று இரவு 10 மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு யாருக்கும் அனுப்ப வேண்டாம்."

இந்தப் பதிலில் என்ன இருக்கிறது, பாருங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு விசாரித்தது என்று இருக்கிறது. இடம், வகை, எண்ணிக்கை இருக்கிறது. செய்தி எப்போது முடிகிறது என்றும் இருக்கிறது. அந்தக் கடைசி வரி இல்லாததால்தான் போன வருஷத்துச் செய்தி இன்றைக்கும் சுற்றுகிறது. நோயாளி வீட்டுக்குப் போய் மாசக் கணக்காகியும் அந்த வீட்டாருக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. நோயாளியின் படத்தையும் வியாதி விவரத்தையும் அக்கா போடவில்லை. அது அந்த வீட்டுப் பெண்ணின் சொந்த விஷயம்.

ஓ நெகட்டிவ் ஏன் சொன்னார்? பி நெகட்டிவ் நோயாளிக்கு பி நெகட்டிவ் சிவப்பணு ஏற்றலாம், அது கிடைக்காவிட்டால் ஓ நெகட்டிவும் ஏற்றலாம். பி பாசிட்டிவ் சேராது. நம்ம நாட்டில் நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் நெகட்டிவ் வகை இருக்கும். அதனால் எதை ஏற்றுவது என்பதை ரத்த வங்கி டாக்டர் முடிவு செய்வார். நாம் இரண்டு வகையையும் தேடி வைக்கலாம்.

மூன்று பேர் முன்வந்தார்கள்

முதலில் கூப்பிட்டவர் ஓ நெகட்டிவ் உள்ள நம்ம உறுப்பினர் ஒருவர். ஆசையாகத்தான் கேட்டார். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் முகாமில் பார்த்தபோது அவருக்கு ஹீமோகுளோபின் 10.8. ரத்தம் கொடுக்க 12.5 இருக்கணும். 22 கிலோமீட்டர் போய்த் திரும்பி வருவதைவிட போனிலேயே தெரிந்தது நல்லது. "இரும்புச் சத்து மாத்திரைக்கு நர்ஸ் அம்மாவைப் பாருங்க, அடுத்த தடவை நீங்க கொடுக்கலாம்" என்று அக்கா சொன்னார்.

இரண்டாவது, ஒரு உறுப்பினரின் கணவர். பி நெகட்டிவ்தான். ஆனால் இரண்டு மாதம் முன்புதான் ரத்தம் கொடுத்திருக்கிறார். ஆண்கள் ஒரு தடவை கொடுத்தால் 3 மாதமும், பெண்கள் 4 மாதமும் இடைவெளி விடணும்.

மூன்றாவது, கல்லூரியில் படிக்கும் 21 வயதுப் பையன். பி நெகட்டிவ், எடை 58 கிலோ. காய்ச்சல், மருந்து எதுவும் இல்லை. "சாப்டியாப்பா?" என்று கேட்டார் அக்கா. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதுதான். "நாலு இட்லி சாப்ட்டு, நல்லா தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பு. வண்டிய நீ ஓட்டாதே, மாமாவைக் கூட்டிட்டுப் போ. அடையாள அட்டைய எடுத்துக்க." வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும். கொடுத்துவிட்டு உடனே வண்டி ஓட்டுவதும் ஆபத்து.

நம்ம பெண்கள் இன்னும் சில விஷயங்களைத் தெரிந்து வைக்கணும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ இருக்கணும். கர்ப்பமாக இருப்பவர்கள், பிரசவமாகி ஒரு வருஷம் ஆகாதவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், மாதவிலக்கு நாட்களில் இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது. பச்சை குத்தியவர்களும் காது மூக்கு குத்தியவர்களும் ஒரு வருஷம் பொறுக்கணும். இதில் கூச்சப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம். ஏற்றப்போவது இன்னொரு உயிருக்கு.

ராத்திரி என்ன நடந்தது?

பையன் 8.10-க்கு ரத்த வங்கிக்குப் போனான். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தது பத்து நிமிஷம்தான். பிறகு கொஞ்ச நேரம் படுக்கவைத்து, பழச்சாறும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

ஆனால் அவன் ரத்தம் அன்று ராத்திரியே அந்தத் தாய்க்கு ஏறவில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை முடிந்த பிறகுதான் எந்த ரத்தத்தையும் வெளியே விடுவார்கள். அதற்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி அவரைக் காப்பாற்றியது இருப்பில் இருந்த அந்த ஒரு யூனிட். எப்போதோ, யாரோ முகாமில் கொடுத்தது. பையனின் ரத்தம் மறுநாள் காலையில் ஏறியது. தாயும் பிள்ளையும் ஆறாம் நாள் வீடு வந்தார்கள்.

10 மணிக்கு முன்பே அக்கா குழுவில் எழுதினார்: "ஆள் கிடைத்துவிட்டது. யாரும் போக வேண்டாம். பழைய செய்தியை அழித்துவிடுங்கள்."

பணம் கேட்டால்?

நடுவில் யாரோ ஒருவர் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "நான் பி நெகட்டிவ், வர்றதுக்கு 1,500 ரூபாய் முதல்ல போன்ல அனுப்பு" என்று கேட்டிருக்கிறார். தம்பி அனுப்பப் போனார். அக்காதான் தடுத்தார். இப்படிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பது நம்ம நாட்டில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு 2011 முதல் ரத்தமும் இலவசம்.

நம்ம குழு நோட்டில்

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழுக்களில் ஒரு தனி நோட்டு போட்டோம். உறுப்பினர் வீட்டில் யாருக்கு என்ன ரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், போன் நம்பர் என்று எழுதுகிறோம். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுகிறோம். முதல் பக்கத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் நம்பர் இருக்கிறது. எந்த வங்கியில் என்ன வகை இருப்பு என்று e-RaktKosh இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஆனாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டே போகணும், ஏனென்றால் காலையில் இருந்தது மாலையில் இருக்காது.

இன்னொரு பக்கம் கர்ப்பிணிகளுக்கு. தாய் சேய் அட்டையில் நெகட்டிவ் என்று இருந்தால், அல்லது ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன்பே அந்த வகை உள்ள இரண்டு பேரிடம் பேசி வைக்கிறோம். இந்த மாதம் எங்கள் நோட்டில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்தில் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.