அக்காவுக்கு ஒரு வம்பு வாழ்த்து

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு அப்பா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். "தாம்பூலம் மாத்தினதும் நீ ரெண்டு வார்த்தை பேசணும்." இருபத்தைந்து வருடமாக அவளோடு சண்டை போட்டவன் நான். பேச விஷயமா கிடைக்காது? ஒரே இரவில் ஒரு பக்கம் எழுதினேன். மறுநாள் காலை அம்மா படித்தாள். பேனாவை எடுத்து முதல் வரியையே அடித்தாள்.

அந்த வரி இதுதான்: "அத்தான், எங்கள் அக்கா வைத்த சாம்பாரைச் சாப்பிட்டும் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நீங்களும் பிழைத்துக்கொள்வீர்கள்."

"ஏல, அவ மாமியார் முதல் வரிசையில உக்காந்திருப்பாவ. நாளைக்குக் குழம்புல உப்பு கூடினா, 'அன்னைக்கே உன் தம்பி சொன்னானே'ம்பாவ."

நிச்சயதார்த்த வாழ்த்தில் இருக்கும் வம்பே இதுதான். கேலி அக்காவுக்கு, ஆனால் கேட்பது இரண்டு குடும்பம். சபையில் சிரித்துவிட்டு மறக்கிற கேலி உண்டு, ஞாபகம் வைத்திருந்து திருப்பிச் சொல்கிற கேலியும் உண்டு. சமையல், கோபம், நிறம், வயது, சம்பளம், இதற்கு முன் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் இரண்டாவது வகை. அவற்றை எவ்வளவு செல்லமாகச் சொன்னாலும், புது வீட்டில் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். எங்கள் வீட்டுக்குள் மட்டுமே நடந்த, அவளே சொல்லிச் சிரிக்கிற சின்னத் திருட்டுகள்தான் பத்திரமானவை.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்து நிச்சயத்தில் முதலில் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ வைத்த தட்டுகள். பிறகு லக்னப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார்கள். இன்னார் பேத்தி, இன்னார் மகளை, இன்னார் பேரன், இன்னார் மகனுக்கு, இந்த நாளில் இந்த முகூர்த்தத்தில் கொடுக்கச் சம்மதம் என்று எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள் அது. வாசித்து முடித்ததும் தட்டு மாறும். மாப்பிள்ளை வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பெண் மறுபடி சபைக்கு வருவாள். பத்திரிகை வாசிக்கும் வரை யாரும் விளையாட்டுப் பேச்சு பேசுவதில்லை. அது வாக்குக் கொடுக்கும் நேரம். புடவை மாற்றி வந்து, பூ வைத்து, சந்தனம் குங்குமம் கொடுத்த பிறகு சபை இளகும். அதற்கும் பந்திக்கும் நடுவில் கிடைக்கும் இரண்டு நிமிடம்தான் தம்பிக்கு. இலை போட்ட பிறகு யார் பேசினாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது முறை எழுதியதை அம்மா அடிக்கவில்லை. நான் பேசியது இதுதான்:

"அக்கா, நம்ம வீட்டு முறுக்கு டின்னைப் பத்தி அத்தானுக்கு ஒரு எச்சரிக்கை. கடைசி முறுக்கை இவ தின்னுட்டு, மூடியை இறுக்கி மூடி, இருந்த இடத்துலயே வச்சிடுவா. டின்னைத் தூக்கிப் பாக்காம நம்பாதீங்க.

அக்கா, கல்யாணத்தன்னைக்கு ஹோமத்துக்கு முன்னாடி உன் கையில பொரி அள்ளிப் போட வேண்டியவன் நான். நான் போட்டாத்தான் நீ அக்கினியில போட முடியும். அதனால அதுவரைக்கும் டிவி ரிமோட் என்கிட்டதான் இருக்கும்.

பன்னண்டாம் வகுப்புப் பரீட்சையன்னைக்கு ஹால் டிக்கெட்டை வீட்டுல விட்டுட்டுப் போனேன். மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, ரெண்டு கால்ல ரெண்டு ஜோடி செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடி வந்து குடுத்தவ இவ. இதுவரைக்கும் அப்பாகிட்ட சொல்லல. இப்ப நானே சொல்லிட்டேன்.

அத்தான், எதையாவது மறந்துட்டுப் போனா பயப்படாதீங்க. எடுத்துட்டு ஓடி வர ஆள் வருது."

முறுக்கு டின்னுக்குச் சபை சிரித்தது. பொரிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அது அவன் உரிமைதான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஹோமம் வளர்க்கும் கல்யாணங்களில் பெண்ணின் உடன்பிறந்தான்தான் பொரியிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், அந்தக் கேலிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செருப்பு வரி வந்ததும் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் கேலியாகவே போயிருந்தால் அது வெறும் மேடைப் பேச்சு; முழுக்கப் பாசமாக இருந்திருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள், 'என்னடா வேணும்?' என்று கேட்டிருப்பாள். இரண்டு கேலிக்குப் பின்னால் ஒளிந்து வந்ததால்தான் மூன்றாவது அவளிடம் போய்ச் சேர்ந்தது.

பந்தியில் அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தேன். மைக்கில் சொல்லிவிட்டதால் இனி மாற்ற முடியாது.

"தம்பி, சாம்பார் எப்படி வைப்பாங்க?" என்று காதோடு கேட்டார்.

முதல் வரிசை மாமியார் எதிர் இலையில் இருந்தார்.

"பிரமாதமா வைப்பா அத்தான்" என்றேன்.