35 சதவீதம் எங்கே போனது?

2025 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், கூகுள் சர்ச் கன்சோலில் பல தளங்களின் இம்ப்ரெஷன் கோடு ஒரே நேரத்தில் சரிந்தது. ஒரே பக்கத்தில் 100 தேடல் முடிவுகளைக் காட்ட முகவரியில் சேர்க்கப்படும் `&num=100` அப்போது வேலை செய்யாமல் போனது. தளங்களின் தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் அதைத்தான் நம்பியிருந்தன. அவை 100 முடிவுகளை ஒரேயடியாக எடுத்தபோது, 70ஆம் இடத்தில் இருந்த பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் பதிவானது. பார்த்தது மனிதர் அல்ல, மென்பொருள்.

இதே நாட்களில் கூகுளின் ஸ்பாம் அப்டேட்டும் நடந்துகொண்டிருந்தது (ஆகஸ்ட் 26 – செப்டம்பர் 22). அதனால் தேதியை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். சரிவுக்கு முந்தைய 28 நாள், பிந்தைய 28 நாள்.

| | முன் | பின் |
|---|---|---|
| மொபைல் இம்ப்ரெஷன் | 40,000 | 40,000 |
| கம்ப்யூட்டர் இம்ப்ரெஷன் | 60,000 | 25,000 |
| மொத்தம் | 1,00,000 | 65,000 |
| கிளிக் | 2,000 | 2,000 |
| சராசரி இடம் | 24.8 | 11.2 |

முதல் படி: கிளிக். இம்ப்ரெஷன் 35% குறைந்தும் கிளிக் அசையவில்லை. வாசகர் யாரும் போய்விடவில்லை என்பதற்கு இது முதல் சாட்சி. உள்ளடக்கத்தில் கோளாறு இருந்தால் கிளிக்கும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

இரண்டாம் படி: சாதனம். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் தேடலாகவே பதிவாகின. இங்கே குறைந்த 35,000 முழுவதும் அந்த வரிசையில்தான். மொபைலும் இதே அளவில் சரிந்திருந்தால் காரணம் வேறு.

மூன்றாம் படி: இடம். முன்பு மொத்த இம்ப்ரெஷனில் 60,000 சராசரி 8ஆம் இடத்திலும், 40,000 இம்ப்ரெஷன் 50ஆம் இடத்திலும் இருந்தன என்று வைப்போம். சராசரி 24.8. பின்வரிசை 40,000 வெறும் 5,000 ஆனதும் சராசரி 11.2 ஆகிறது. எந்தப் பக்கமும் ஓர் அடிகூட முன்னேறவில்லை.

ஆனால் சராசரி இடத்தை மட்டும் நம்பக் கூடாது. பலவீனமான பக்கங்கள் தேடலிலிருந்தே நீங்கினாலும் அது இப்படித்தான் உயரும். ஆகவே தேடல் சொற்களின் பட்டியலைப் பதிவிறக்கி, முன்பு 10 இடத்துக்குள் இருந்தவற்றைத் தனியாகப் பிரித்தெடுங்கள். அவற்றின் இம்ப்ரெஷனும் இடமும் அப்படியே இருந்தால் தளம் நலம். அவை 5இலிருந்து 12க்கு இறங்கியிருந்தால், அல்லது குறிப்பிட்ட ஒரு பிரிவின் பக்கங்கள் மட்டும் சரிந்திருந்தால், கோளாறு உள்ளடக்கத்தில் இருக்கக்கூடும். பட்டியல் 1,000 வரிகளோடு நின்றுவிடும் என்பதால் பெரிய தளங்கள் பிரிவு பிரிவாக எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஓராண்டுக்கு நிழலாகத் தொடரும். 2026 செப்டம்பர் நடுப்பகுதிவரை, சென்ற ஆண்டோடு ஒப்பிடும் அறிக்கை எதிலும் கம்ப்யூட்டர் இம்ப்ரெஷன் குறைவாகவே தெரியும். அதுவரை கிளிக்கையும் மொபைல் இம்ப்ரெஷனையும் ஒப்பிடுவதே சரியான வழி.